சிங்க்ரனஸ் மோட்டாரின் ஃபீல்ட் கரண்டை எங்கே நிறுத்துவது?

*எங்கள் ஆலையில் ரெசிப்ரோகேட்டிங் கம்ப்ரஸரை ஓட்டும் சிங்க்ரனஸ் மோட்டார் ஒன்று இருக்கிறது. 6.6 கேவி, 250 ஆர்பிஎம். பெயர்ப்பலகையில் 175 ஆம்பியர், 0.8 லீடிங், ஃபீல்ட் 172 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. முழு லோடில் 1600 கிலோவாட் எடுக்கிறது. ஃபீல்ட் 100 ஆம்பியரில் இருந்தால் ஸ்டேட்டர் 153 காட்டுகிறது, 124-ல் 140-க்கு இறங்குகிறது, மேலும் கூட்டினால் திரும்ப ஏறுகிறது. ஆம்பியர் குறைவாக இருக்கிற இடமே நல்லது என்று ஷிப்டில் 124-லேயே விட்டுவிடுகிறார்கள், சில சமயம் அதற்கும் கீழே. ஆலையின் பவர் ஃபேக்டர் 0.88-தான் வருகிறது. ஃபீல்டைக் கூட்டி அதைச் சரிசெய்யலாமா? குறைத்தால் மோட்டார் ஸ்டெப்பை விட்டு விழுந்துவிடும் என்கிறார்களே, ஏன்?*

கூட்டலாம். பெயர்ப்பலகையில் இருக்கும் 172 ஆம்பியர் வரை போகலாம், அதற்காகத்தான் அந்த மோட்டாரைக் கட்டியிருக்கிறார்கள். 124-ல் ஓட்டினால் இரண்டு நஷ்டம். மோட்டார் தரக்கூடிய கேவிஏஆர் வீணாகிறது, வோல்டேஜ் விழும் நேரத்தில் மோட்டார் தாக்குப்பிடிக்கும் வலுவும் குறைகிறது. இரண்டையும் ஆள்வது அதே ஃபீல்ட் கரண்டுதான். ஏன் என்று பார்ப்போம்.

மோட்டாருக்குள் காந்தப்புலம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது 6.6 கேவி பஸ். வோல்டேஜும் 50 ஹெர்ட்ஸும் மாறாதவரை, ஸ்டேட்டருக்கும் ரோட்டருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் மொத்தப் புலமும் ஏறக்குறைய மாறாது. அந்தப் புலத்தை உண்டாக்க யாராவது கரண்ட் கொடுத்தாக வேண்டும். இண்டக்ஷன் மோட்டாரில் கொடுக்க வேறு ஆள் இல்லை. ஸ்டேட்டரே லைனிலிருந்து இழுக்கிறது, அதுதான் லேகிங் கரண்ட். சிங்க்ரனஸ் மோட்டாரில் ரோட்டரின் டிசி ஃபீல்ட் என்று இன்னொரு வழி இருக்கிறது. டிசி போதாவிட்டால், குறைகிற பங்கை ஸ்டேட்டர் லைனிலிருந்து இழுத்து நிரப்புகிறது. மோட்டார் லேகிங்கில் ஓடும். டிசி சரியாகப் போதுமென்றால் ஸ்டேட்டர் அந்த வேலைக்கு எதையும் இழுக்க வேண்டியதில்லை, லோடுக்கான கரண்ட் மட்டும் வரும். அதுதான் உங்கள் 140 ஆம்பியர், யூனிட்டி. டிசி தேவைக்கு மேல் போனால் என்ன ஆகும்? மொத்தப் புலம் கூட முடியாது, பஸ் விடாது. எனவே மிகுதியை அடக்க, ஸ்டேட்டர் எதிர்த்திசையில் காந்தமாக்கும் கரண்டை எடுக்கிறது. லைன் பக்கமிருந்து பார்த்தால் அது லீடிங் கரண்ட். அதாவது மோட்டார் பஸ்ஸுக்குக் கேவிஏஆர் கொடுக்கிறது. பக்கத்தில் இருக்கும் இண்டக்ஷன் மோட்டார்களும் டிரான்ஸ்ஃபார்மர்களும் தங்கள் காந்தமாக்கும் கரண்டை இங்கிருந்தே வாங்கிக்கொள்ளலாம்.

நீங்கள் பார்த்த இறக்கமும் ஏற்றமும், எல்லாப் பாடப்புத்தகத்திலும் வரும் ‘வி’ வளைவுதான். அதன் அடிமுனை யூனிட்டியைக் காட்டுகிறதே தவிர, மோட்டாருக்கு நல்ல இடம் அதுவே என்று சொல்லவில்லை. 0.8 லீடிங் என்று வாங்கிய மோட்டாருக்கு 175 ஆம்பியர் இயல்பான கரண்ட். ஸ்டேட்டரின் செம்பும் ரோட்டரின் செம்பும் அதற்கென்று கணக்கிட்டுப் போடப்பட்டவை.

சரி, எண்களுக்கு வருவோம். உங்கள் அளவீடுகளோடு ஒத்துப்போகும்படி, மோட்டாரின் சிங்க்ரனஸ் ரியாக்டன்ஸை ஃபேஸுக்கு 20 ஓம் என்று எடுத்துக்கொள்கிறேன். ஃபீல்ட் 100 ஆம்பியர் கொடுத்தால் உள்ளே உண்டாகும் வோல்டேஜ், ஃபேஸுக்கு 3811, அதாவது பஸ்ஸின் ஃபேஸ் வோல்டேஜுக்குச் சமம். இரும்பு சாச்சுரேட் ஆவதையும், ரோட்டர் துருத்திய போல் கொண்டது என்பதையும் இங்கே விட்டுவிடுகிறேன். நிஜத்தில் எண்கள் கொஞ்சம் நகரும், கதை மாறாது.

```
E sinδ = P·Xs / (3V)
E cosδ = V + Q·Xs / (3V)
Pmax   = 3·V·E / Xs
```

இதில் V என்பது ஃபேஸ் வோல்டேஜ், E என்பது ஃபீல்ட் உண்டாக்கும் வோல்டேஜ், Q என்பது மோட்டார் பஸ்ஸுக்குக் கொடுக்கும் கேவிஏஆர். δ என்பது லோடு கோணம். சுழலும் ஸ்டேட்டர் புலத்துக்கு ரோட்டரின் போல் எவ்வளவு பின்தங்கி ஓடுகிறது என்பதை அது சொல்கிறது.

முழு லோடில் 1600 கிலோவாட்டுக்கு, முதல் வரியின்படி E sinδ 2799 வோல்ட் வர வேண்டும். லோடு மாறாதவரை இது மாறாது. ஃபீல்ட் 100 ஆம்பியர் என்றால் E 3811, கோணம் 47 டிகிரி, மோட்டார் சுமார் 700 கேவிஏஆர் லேகிங் இழுக்கிறது. 124 ஆம்பியரில் E 4728, கோணம் 36 டிகிரி, கேவிஏஆர் பூஜ்யம். 172 ஆம்பியரில் E 6539, கோணம் 25 டிகிரி, 1200 கேவிஏஆர் பஸ்ஸுக்குப் போகிறது. உங்கள் ஸ்டேட்டர் அளவீடுகளான 153, 140 இரண்டும் இதே கணக்கில் அப்படியே விழுகின்றன. பெயர்ப்பலகையின் 175-ம் விழுகிறது.

இந்தக் கோணத்தைக் கவனியுங்கள். ஸ்டெப்பை விட்டு விழுவது ஏன் என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

ஸ்டேட்டர் புலமும் ரோட்டர் போலும் ஒரு ரப்பர் கயிற்றால் கட்டப்பட்டவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேட்டர் புலம் முன்னே ஓடுகிறது, ரோட்டர் பின்னே இழுபட்டு ஓடுகிறது. இரண்டும் ஒரே வேகம், நிமிடத்துக்கு 250 சுற்று. லோடு கூடினால் வேகம் குறையாது, கயிறு இன்னும் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். ஆனால் நீள்வதற்கு ஓர் எல்லை உண்டு. கோணம் 90 டிகிரி வரும்வரை, பின்தங்கப் பின்தங்க இழுவிசை கூடும். அதைத் தாண்டினால் பின்தங்கும்போது இழுவிசை குறையத் தொடங்கும். அங்கிருந்து திரும்பி வர வழியில்லை, ரோட்டர் மேலும் மேலும் பின்னால் போய்விடும். அந்த உச்சிதான் புல்-அவுட் எல்லை, மேலே எழுதிய Pmax.

கயிற்றின் தடிமன் E. அதாவது ஃபீல்ட் கரண்ட். 100 ஆம்பியரில் உங்கள் மோட்டாரின் எல்லை சுமார் 2180 கிலோவாட். லோடு 1600, கையிருப்பு 36 சதவீதம்தான். 124-ல் எல்லை 2700 கிலோவாட். 172-ல் 3740 கிலோவாட், லோடைப்போல 2.3 மடங்கு. ஃபீல்டை 73 ஆம்பியருக்குக் கொண்டுபோனால் E-யே 2799 ஆகிவிடும், கோணம் 90. அந்த இடத்தில் காலால் உதைத்தால் கூட மோட்டார் விழுந்துவிடும். இது கணக்கின்படி. துருத்திய போல் இருப்பதால் நிஜத்தில் கொஞ்சம் கூடுதல் பிடிப்பு கிடைக்கும், ஆனால் அதை நம்பி ஓட்டக்கூடாது.

வோல்டேஜ் 6.6 கேவியிலேயே நிற்கிறவரை 36 சதவீதக் கையிருப்பு போதும் என்று தோன்றும். எனக்கும் ஒருகாலத்தில் அப்படித்தான் தோன்றியது. நான் வேலைபார்த்த ஆலை ஒன்றில் இதே மாதிரி ஒரு கம்ப்ரஸர் மோட்டார் இருந்தது. ஒரு டிரான்ஸ்ஃபார்மரைப் பராமரிப்புக்காக எடுத்திருந்தோம், 6.6 கேவி பஸ் முழுதும் மற்றொன்றில் தொங்கியது. இரவு ஷிப்டில் யாரோ ஆம்பியர் மீட்டரைப் பார்த்து ஃபீல்டைக் குறைத்திருக்கிறார்கள். லீடிங்கில் ஓடிய மோட்டார் லேகிங்குக்கு வந்திருந்தது. விடியற்காலையில் பெரிய இண்டக்ஷன் மோட்டார் ஒன்றை நேரடியாக ஸ்டார்ட் செய்தார்கள். பஸ் வோல்டேஜ் முக்கால் பங்குக்கு விழுந்து சில விநாடி அங்கேயே நின்றது. நான் கன்ட்ரோல் ரூமில் இருந்தேன். முதலில் ஆம்பியர் மீட்டரின் முள் முழுதாக வலப்பக்கம் போய் இடித்தது, பிறகு கீழே விழுந்தது, மறுபடி போய் இடித்தது. கம்ப்ரஸர் ஹவுஸிலிருந்து ‘தம், தம்’ என்று ஒரு சத்தம், தரை அதிர்ந்தது. ஓவர்லோடு ரிலே அசையவில்லை. கையால்தான் டிரிப் செய்தோம்.

அன்று நடந்ததை உங்கள் எண்களில் போட்டுப் பார்க்கலாம். புல்-அவுட் எல்லை வோல்டேஜுக்கு நேர்விகிதம். பஸ் முக்கால் பங்கு என்றால் 2180 கிலோவாட் 1630 ஆகிவிடும். சராசரி லோடு 1600. சராசரியைப் பார்த்தால் தப்பித்துவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் ரெசிப்ரோகேட்டிங் கம்ப்ரஸரின் டார்க் ஒரே சீராக இருப்பதில்லை. பிஸ்டன் அழுத்தும் நேரத்தில் கூடும், திரும்பும்போது குறையும். ஃப்ளைவீல் அதைத் தணிக்கும், முழுதாக அழிக்காது. ஓர் அழுத்தத்தின் உச்சியில் எல்லை தாண்டியது, ரோட்டர் நழுவியது. அதே வோல்டேஜ் வீழ்ச்சியில் 124 ஆம்பியர் ஃபீல்ட் இருந்திருந்தால் எல்லை 2030 கிலோவாட், அநேகமாக நின்றிருக்கும். 172 இருந்திருந்தால் 2800, யாருக்கும் தெரியக்கூட வந்திருக்காது.

இங்கே ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். நான் சொன்ன கணக்கு, வோல்டேஜ் விழுந்தாலும் ஃபீல்ட் கரண்ட் குறையாத மோட்டாருக்குப் பொருந்தும். எக்சைட்டர் அதே தண்டில் சுற்றினால் அப்படித்தான் இருக்கும். உங்கள் ஃபீல்ட் தைரிஸ்டர் பேனலிலிருந்து வந்து, அந்தப் பேனல் இதே பஸ்ஸிலிருந்து சப்ளை எடுத்தால், பஸ் விழும்போது ஃபீல்டும் சேர்ந்து விழப் பார்க்கும். V-யும் E-யும் இரண்டும் குறைவதால் எல்லை வோல்டேஜின் வர்க்கத்துக்குப் போய்விடும். முக்கால் பங்கு வோல்டேஜில் பாதியளவு எல்லைதான் மிஞ்சும். ஃபீல்ட் வைண்டிங்கின் கரண்ட் உடனே இறங்காது, அது ஒரு விநாடிக்கோ இரண்டு விநாடிக்கோ காப்பாற்றும். நீண்ட நேர வீழ்ச்சியில் காப்பாற்றாது. பேனலின் சப்ளை எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை பார்த்துவையுங்கள்.

நழுவினால் உள்ளே என்ன ஆகிறது? 250 ஆர்பிஎம் என்றால் 24 போல். ரோட்டர் தண்டு 30 டிகிரி பின்தங்கினாலே ஒரு முழு நழுவல் முடிந்து அடுத்த போல் ஜோடி வந்துவிடும். நழுவும்போது ரோட்டரின் வோல்டேஜ் லைனுக்கு ஒருகணம் எதிராகவும் ஒருகணம் ஒத்தும் வருகிறது. ஒத்து வராத கணத்தில் அது ஏறக்குறைய டெர்மினலில் ஷார்ட் சர்க்யூட் போட்ட மாதிரி. கரண்ட் முழு லோடைப்போலப் பல மடங்கு போகும். டார்க் முன்னும் பின்னும் மாறி மாறி அடிக்கும், நான் கேட்ட ‘தம், தம்’ அதுதான். கப்ளிங், தண்டின் சாவி, அஸ்திவார போல்ட் எல்லாம் அந்த அடியை வாங்குகின்றன. ஸ்டேட்டர் வைண்டிங்கின் ஓரச் சுருள்களும் ஒவ்வொரு அடிக்கும் அசைகின்றன.

வெளியே தெரியாத சேதம் டாம்பர் வைண்டிங்கில் நடக்கிறது. போல்களின் முகத்தில் பொதிந்திருக்கும் செம்பு அல்லது பித்தளைக் கம்பிகளும் அவற்றைக் குறுக்கே இணைக்கும் வளையமும்தான் அது. மோட்டாரை ஸ்டார்ட் செய்வது அதுதான். நின்ற நிலையிலிருந்து இண்டக்ஷன் மோட்டார் மாதிரி ஏறி, சுமார் 95 சதவீத வேகம் வந்ததும் ஃபீல்ட் கொடுக்கிறோம், ரோட்டர் ஸ்டெப்பில் பூட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு டாம்பர் சும்மா இருக்க வேண்டும். அதன் உஷ்ணத் தாங்குதிறன் சில பத்து விநாடி ஸ்டார்ட்டுக்கு மட்டும்தான். நழுவிக்கொண்டே ஓடினால் அதில் மறுபடி கரண்ட் ஓடும், ஃபீல்ட் வேறு உள்ளே இருப்பதால் ஸ்டார்ட்டைவிட மோசமாக. ஓவர்லோடு ரிலே ஏன் அசையவில்லை என்பதற்கும் இதுதான் பதில். அந்த ரிலே ஸ்டேட்டரின் சூட்டைக் கணக்குப் பார்க்கிறது. மேலும் கீழும் ஆடும் கரண்டின் சராசரி அதற்கு நிதானமான ஓவர்லோடு மாதிரித் தெரியும். ஸ்டேட்டர் சூடேறுவதற்குள் டாம்பர் வெந்துவிடும். எங்கள் மோட்டாரை அடுத்த ஷட்டவுனில் திறந்தபோது, வளையத்துக்கும் கம்பிக்கும் போட்டிருந்த பற்றவைப்பு நான்கு இடங்களில் நீலம் பூத்திருந்தது, ஒன்றில் விரிசல். அதற்குமுன் இரண்டு ஸ்டார்ட்டிலும் ஏறுவதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தது. அது அறிகுறி என்று எங்களுக்கு அப்போது தோன்றவில்லை.

முள் ஆடுவதெல்லாம் நழுவல் என்று பயப்படவும் வேண்டாம். ரெசிப்ரோகேட்டிங் கம்ப்ரஸர் ஓடும் மோட்டாரில் ஆம்பியர் முள் கொஞ்சம் ஆடிக்கொண்டே இருக்கும். டார்க்கின் ஏற்ற இறக்கத்துக்குத் தகுந்த மாதிரி கயிறு நீண்டு சுருங்குகிறது. அமெரிக்காவின் நேமா தரநிலை இந்த ஆட்டத்தை முழு லோடு கரண்டில் 66 சதவீதம் வரை அனுமதிக்கிறது, உங்கள் மோட்டாரில் 115 ஆம்பியர். வேறுபாட்டை இப்படித் தெரிந்துகொள்ளலாம்: இயல்பான ஆட்டம் கம்ப்ரஸரின் சுற்றோடு ஒத்துப்போகும், ஒரு நடு இடத்தைச் சுற்றியே இருக்கும், கிலோவாட் மீட்டரும் ஒரு நடு இடத்தைச் சுற்றித்தான் ஆடும். நழுவலில் கிலோவாட்டும் சேர்ந்து பூஜ்யத்துக்கும் உச்சிக்கும் போகும், பவர் ஃபேக்டர் முள் ஆழமான லேகிங்குக்கு ஓடும், ஃபீல்ட் அம்மீட்டரும் அதே தாளத்தில் ஆடும். ஃபீல்ட் அம்மீட்டர் ஆடுகிறதா என்பதுதான் எனக்கு எப்போதும் முதல் சாட்சி. ஸ்டெப்பில் இருக்கும் ரோட்டர் வைண்டிங்கில் பெரிதாக ஏசி தூண்டப்பட வழியில்லை.

நழுவலைப் பார்த்தால் கைப்பழக்கத்தில் ஃபீல்டைக் கூட்டிப் பிடித்துவிட முயலாதீர்கள். விழுவதற்கு முன்னால்தான் அது உதவும். நழுவத் தொடங்கிய பிறகு ஃபீல்ட் இருந்தால் அடி இன்னும் பலமாகும். சரியான வரிசை என்னவென்றால், ஃபீல்டை எடுத்து வைண்டிங்கை டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் வழியாக மூட வேண்டும். திறந்தே விட்டால் தூண்டப்படும் வோல்டேஜ் ஆயிரக்கணக்கில் ஏறி இன்சுலேஷனைக் கிழித்துவிடும். கம்ப்ரஸரை அன்லோடு செய்ய முடிந்தால், மோட்டார் டாம்பரில் ஏறி மறுபடி ஸ்டெப்பில் சேரலாம், தானாகச் செய்யும் கன்ட்ரோல் பேனல்கள் உண்டு. அன்லோடு ஆகாவிட்டால் பிரேக்கரைத் திறப்பதைத் தவிர வழியில்லை. இதையெல்லாம் மனிதர் பார்த்துச் செய்ய நேரமில்லை. அதனால் பவர் ஃபேக்டரைப் பார்க்கும் புல்-அவுட் ரிலே அரை விநாடி முதல் ஒரு விநாடிக்குள் செய்ய வேண்டிய வேலை இது. உங்கள் பேனலில் அந்த ரிலே இருக்கிறதா, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று பாருங்கள்.

இப்போது ஆலையின் பவர் ஃபேக்டருக்கு வரலாம். நீங்கள் சொன்ன 0.88-லிருந்து பின்னோக்கிப் போனால், மற்ற லோடு 4000 கிலோவாட்டும் 0.8 லேகிங்கும் என்று எடுத்தால் சரியாக ஒத்துவருகிறது. அதற்கு 3000 கேவிஏஆர் தேவை. மோட்டார் யூனிட்டியில் ஓடினால் மொத்தம் 5600 கிலோவாட், 3000 கேவிஏஆர், அதாவது 6350 கேவிஏ. மோட்டார் 172-ல் ஓடி 1200 கேவிஏஆர் கொடுத்தால் மிச்சம் 1800, மொத்தம் 5880 கேவிஏ, பவர் ஃபேக்டர் 0.95. சில ஷிப்டில் 100 ஆம்பியருக்கு இறக்கும்போது மோட்டாரும் சேர்ந்து 700 இழுக்கிறது, 6710 கேவிஏ, பவர் ஃபேக்டர் 0.83. ஒரே மோட்டாரை ஒருவர் ஒரு மாதிரியும் மற்றொருவர் வேறு மாதிரியும் வைப்பதில் 830 கேவிஏ வித்தியாசம். உயரழுத்த இணைப்புக்கு அதிகபட்சத் தேவையை கேவிஏவில் கணக்கிட்டு வசூலிக்கிறார்கள், தமிழ்நாட்டில் சராசரி பவர் ஃபேக்டர் 0.9-க்குக் கீழே போனால் அதற்கும் கட்டணம் உண்டு. இந்த 830-ல் உங்கள் மாத பில்லுக்கு என்ன வரும் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

இதற்குச் செலவு உண்டு, சிறிதுதான். ஃபீல்ட் வைண்டிங் சூடான நிலையில் 0.6 ஓம் என்றால், 124 ஆம்பியரில் 9.2 கிலோவாட் கரைகிறது, 172-ல் 17.7. ஸ்டேட்டர் 140-லிருந்து 175-க்குப் போவதில், ஃபேஸுக்கு 0.1 ஓம் என்று கொண்டால் இன்னும் மூன்று கிலோவாட். மொத்தம் 12 கிலோவாட் அதிகம், 1200 கேவிஏஆருக்கு. கேவிஏஆருக்கு 10 வாட். நல்ல கெபாசிட்டரில் இது ஒரு வாட் கூட வராது. எனவே கேவிஏஆருக்காக மட்டும் ஒரு சிங்க்ரனஸ் மோட்டார் வாங்குங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மோட்டார் ஏற்கனவே கம்ப்ரஸருக்காக ஓடிக்கொண்டிருக்கிறது, கூடுதல் செம்புக்கு விலையும் கொடுத்துவிட்டீர்கள். அதைப் பயன்படுத்தாமல் பக்கத்தில் 1200 கேவிஏஆர் கெபாசிட்டர் பேங்க் நிறுத்துவது வீண். கெபாசிட்டர் கொடுக்கும் கேவிஏஆர் வோல்டேஜின் வர்க்கத்தில் குறையும், உதவி வேண்டிய நேரத்தில்தான் கைவிடும். ஃபீல்ட் கூட்டிய மோட்டார் பஸ் விழும்போது முன்பைவிட அதிகம் கொடுக்க முயலும். வலுக்குறைந்த பஸ்ஸில் இந்தக் குணம் மிகவும் பயன்படும்.

லோடு குறைந்த நேரத்தில் ஃபீல்டையும் குறைக்க வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். கம்ப்ரஸர் பாதி லோடில் 800 கிலோவாட் எடுக்கும்போது ஃபீல்டை 172-லேயே விட்டால், மோட்டார் சுமார் 1470 கேவிஏஆர் கொடுக்கிறது, ஸ்டேட்டரில் 147 ஆம்பியர்தான். முழுவதும் அன்லோடு ஆனால் 1560 வரை கொடுக்கும். அங்கே எல்லையை நிர்ணயிப்பது ஸ்டேட்டர் அல்ல, ஃபீல்டின் சூடு. எக்சைட்டேஷன் ரெகுலேட்டரைப் ‘பவர் ஃபேக்டர் 0.8’ என்ற மோடில் வைத்திருந்தால், பாதி லோடில் அது ஃபீல்டை 133 ஆம்பியருக்கு இறக்கி 600 கேவிஏஆரோடு நின்றுவிடும், இருக்கும் திறனில் பாதிக்கு மேல் சும்மா கிடக்கும். உங்கள் மாதிரி ஆலைக்கு நிலையான ஃபீல்ட் கரண்டோ கேவிஏஆர் மோடோதான் பொருத்தம்.

லோடே இல்லாமல் இப்படி ஓடும் இயந்திரத்துக்கு சிங்க்ரனஸ் கண்டென்ஸர் என்று தனிப்பெயரே உண்டு. பழைய தொழில்நுட்பம் என்று ஒதுக்கிவைத்ததைத் தென் ஆஸ்திரேலியாவில் 2021-ல் மீண்டும் நான்கு நிறுவியிருக்கிறார்கள். காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகிய கிரிடுக்குச் சுற்றும் கனமும் வோல்டேஜ் பிடிப்பும் தேவைப்பட்டதால். நம் ஊரில் இதன் பெரிய உறவினரைப் பார்க்க வேண்டுமென்றால் கடம்பாறை நீர்மின் நிலையம் இருக்கிறது. அங்கே தண்ணீரை மேலே ஏற்றும் வேளையில், 100 மெகாவாட் அலகு ஒவ்வொன்றும் சிங்க்ரனஸ் மோட்டாராகத்தான் ஓடுகிறது.

திரும்ப உங்கள் மோட்டாருக்கு. 124-லிருந்து 172-க்கு ஒரே நாளில் தாவ வேண்டாம், பல வருடம் குறைந்த ஃபீல்டில் ஓடிய ரோட்டருக்குள் தூசு அடைந்திருக்கலாம், காற்று வழி மூடியிருக்கலாம். பத்து ஆம்பியர் ஏற்றுங்கள், சூடு நிலைக்கும்வரை விடுங்கள், ரோட்டரின் உஷ்ணத்தைக் கணக்கிடுங்கள், பிறகு அடுத்த பத்து. ரோட்டர் உஷ்ணத்துக்குத் தனி சென்ஸர் வேண்டாம், ஃபீல்ட் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் போதும். உதாரணமாக, குளிர்ந்த நிலையில் 30 டிகிரியில் வைண்டிங் 0.48 ஓம் என்று அளந்திருந்து, ஓடும்போது 103 வோல்ட்டும் 172 ஆம்பியரும் காட்டினால் அது 0.6 ஓம். செம்புக்கு 234.5 என்ற எண்ணைப் பயன்படுத்தினால், 264.5-ஐ 1.25-ஆல் பெருக்கி 234.5 கழிக்க, 96 டிகிரி. கிளாஸ் பி இன்சுலேஷனுக்கே 130 வரை இடம் உண்டு, ஆனால் இது சராசரி, உள்ளே ஒரு புள்ளி இதைவிடச் சூடாக இருக்கும் என்பதால் 110-ஐத் தாண்டினால் நான் நின்றுவிடுவேன். பிரஷ்ஷில் ஓரிரு வோல்ட் விழும், ஸ்லிப் ரிங்கிலேயே அளந்தால் அந்தப் பிழையும் போகும். கூடவே பஸ் வோல்டேஜையும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மற்ற லோடு நின்று கம்ப்ரஸர் மட்டும் ஓடும் நேரத்தில் 1200 கேவிஏஆரும் வெளியே போக இடமில்லாமல் வோல்டேஜை உயர்த்தும், மொத்த ஆலையும் லீடிங்குக்குப் போகும். அப்படிப்பட்ட நாளுக்கு மட்டும் 130 பக்கம் இறக்கலாம். 124-க்குக் கீழே எந்த நாளிலும் வேண்டாம். ஃபீல்ட் அம்மீட்டரின் கண்ணாடியில் அந்த இடத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டுவிடுங்கள், இரவு ஷிப்டில் வருகிறவருக்கும் அது தெரியட்டும்.

உங்கள் மோட்டாரில் ஸ்லிப் ரிங் இல்லாமல் பிரஷ்லெஸ் எக்சைட்டர் இருந்தால் ஓர் எச்சரிக்கை. நீங்கள் பேனலில் பார்ப்பது எக்சைட்டரின் ஃபீல்ட் கரண்ட், ரோட்டரின் உண்மையான ஃபீல்ட் கரண்ட் அல்ல. தண்டோடு சுற்றும் டயோடு ஒன்று போனால், பேனலில் எண் அப்படியே இருக்க, ரோட்டரில் ஃபீல்ட் குறைந்துவிடும். லேசான லோடில் துருத்திய போலின் பிடிப்பிலேயே மோட்டார் ஸ்டெப்பில் ஓடிக்கொண்டிருக்கும், கனமான லேகிங் கரண்டை இழுத்தபடி, யாருக்கும் சந்தேகம் வராமல். லோடு ஏறும் நிமிடத்தில் விழும். நேற்று லீடிங்கில் இருந்த மோட்டார், எக்சைட்டர் ஆம்பியர் மாறாமலே இன்று லேகிங்குக்கு வந்திருந்தால், உடனே லோடைக் குறைத்து நிறுத்தி டயோடுகளைச் சோதியுங்கள்.